பம்பு இயக்கியின் புறவழி இணைப்பு

புறவழி இணைப்பு (பைபாஸ்) என்பது, மாறு அதிர்வெண் இயக்கியின் மூலம் ஓடும் ஒரு பம்பு, அவ்வியக்கி பழுதுபட்டாலும் மின்வலையிலிருந்து நேரடியாக ஓடுவதற்காக அமைக்கப்படும் மாற்று மின்பாதை ஆகும். தொழிற்களத்தில் இயக்கி "டிரைவ்" என்றும், நேரடியாக மின்வலையில் இணைத்து ஓட்டும் முறை "டைரக்ட் ஆன் லைன்" அல்லது சுருக்கமாக "டி.ஓ.எல்." என்றும் வழங்கப்படுகின்றன. குடிநீர் வழங்கல், கொதிகலன் ஊட்டுநீர், குளிர்நீர்ச் சுழற்சி போன்று நீரோட்டம் நிற்கக்கூடாத இடங்களில் இவ்விணைப்பு பயன்படுகிறது.

## அமைப்பு

பொதுவான அமைப்பில் மூன்று காண்டாக்டர்கள் உள்ளன. உள்ளீட்டுக் காண்டாக்டர் மின்வலையை இயக்கியுடன் இணைக்கிறது. வெளியீட்டுக் காண்டாக்டர் இயக்கியை மோட்டாருடன் இணைக்கிறது. புறவழிக் காண்டாக்டர் இயக்கியைத் தவிர்த்து, மின்வலையை நேரே மோட்டாருடன் இணைக்கிறது.

வெளியீட்டுக் காண்டாக்டரும் புறவழிக் காண்டாக்டரும் ஒருபோதும் ஒரே நேரத்தில் மூடியிருக்கக் கூடாது. மூடினால் மின்வலையின் மின்னழுத்தம் இயக்கியின் வெளியீட்டு முனைகளில் ஏறும். இயக்கி ஓடிக்கொண்டிருந்தால் இரு மின்மூலங்கள் ஒன்றோடொன்று மோதும். இயக்கி அணைந்திருந்தாலும், அதன் உள்ளே உள்ள டையோடுகளின் வழியாக வெறுமையான மின்தேக்கிகளுக்குக் கட்டுப்பாடற்ற மின்னோட்டம் பாயும். இரு நிலைகளிலும் இயக்கியின் திறன் பகுதி எரிந்துபோக வாய்ப்புண்டு. ஆகவே இவ்விரு காண்டாக்டர்களுக்கும் இடையே ஒன்று மூடும்போது மற்றொன்றைத் தடுக்கும் இயந்திரப் பூட்டும், துணைத் தொடுமுனைகளால் ஆன மின்பூட்டும் சேர்த்தே அமைக்கப்படுகின்றன.

இயக்கி தன் மோட்டாரை மிகைச் சுமையிலிருந்து தானே காக்கிறது. புறவழியில் அந்தக் காவல் இருக்காது. எனவே புறவழிப் பாதைக்கெனத் தனி மிகைச்சுமை ரிலேயும், தொடக்க மின்னோட்டத்தைத் தாங்கவல்ல உருகியோ பிரேக்கரோ தேவை. பழுதான இயக்கியை, பம்பு ஓடிக்கொண்டிருக்கும்போதே கழற்ற வேண்டுமானால், அதன் இருபுறமும் பிரிப்பான் சுவிட்சுகள் வேண்டும். அவற்றைத் திறந்த பின்னும் இயக்கியின் மின்தேக்கிகளில் மின்னூட்டம் சில நிமிடங்கள் தங்கியிருக்கும். இயக்கியின் மீது குறிப்பிடப்பட்டுள்ள காத்திருப்பு நேரம் கழிந்த பின்னரே அதைத் தொடலாம்.

## மாற்றும் வரிசை

இயக்கியிலிருந்து புறவழிக்கு மாற்றும்போது முதலில் இயக்கிக்கு நிறுத்தக் கட்டளை தரப்படுகிறது. அதன்பின் வெளியீட்டுக் காண்டாக்டர் திறக்கிறது. சுழன்றுகொண்டிருக்கும் மோட்டாரில் எஞ்சிய காந்தப்புலம் சிறிது நேரம் மின்னழுத்தத்தை உண்டாக்கும். அது மின்வலையோடு கட்டப் பொருத்தமின்றி இணைந்தால், மோட்டாரின் தொடக்க மின்னோட்டத்தையும் மிஞ்சிய மின்னோட்டமும், தண்டில் கடும் முறுக்கு அதிர்ச்சியும் ஏற்படும். இதனால் காலத்தாமத ரிலே ஒன்று சில நொடிகள் காத்த பிறகே புறவழிக் காண்டாக்டரை மூடவிடுகிறது. பம்பில் பின்னோட்டம் தடுக்கும் வால்வு கசிந்தால் நீர் திரும்பி ஓடி பம்பை எதிர்த்திசையில் சுழற்றும். அத்தகைய இடங்களில் பம்பு முற்றிலும் நிற்கும்வரை காத்திருப்பு நீட்டப்படும்.

இந்த மாற்றத்தைப் பெரும்பாலும் பணியாளர் ஒருவரே தேர்வுச் சுவிட்சினால் செய்யும்படி விடுவது நல்லது. இயக்கி மிகை மின்னோட்டத்தாலோ நிலக்கசிவாலோ நின்றிருந்தால், குறை இயக்கியில் இல்லாமல் மோட்டாரிலோ கேபிளிலோ இருக்கக்கூடும். தானாக மாற்றும் அமைப்பு, பழுதான மோட்டாருக்கு முழு மின்வலையையும் கொடுத்துவிடும். ஆகவே முதலில் கேபிளை இயக்கியிலிருந்து பிரித்துவிட்டு, மோட்டாரின் காப்புத்தடையை மெக்கர் கொண்டு அளக்க வேண்டும்.

## சுழற்சித் திசை

இயக்கியின் வெளியீட்டுக் கட்ட வரிசை அதன் உள்ளீட்டு வரிசையைச் சார்ந்ததன்று. இயக்கி முதலில் உள்ளீட்டை நேர்மின்னாக்கி, பின்னர் தனக்குரிய வரிசையில் மூன்று கட்டங்களைப் புதிதாக உருவாக்குகிறது. ஆதலால் இயக்கியில் சரியாகச் சுழலும் பம்பு, புறவழியில் எதிர்த்திசையில் சுழலலாம். மையவிலக்கு பம்பு எதிராகச் சுழன்றாலும் ஓரளவு நீரைத் தள்ளும். இதனால் குறை எளிதில் புலப்படாது. அழுத்தமும் நீர் அளவும் வழக்கத்தைவிடக் குறைவதே அடையாளம்.

நிறுவும்போது இரு வழிகளிலும் திசை சோதிக்கப்படுகிறது. இரண்டிலும் திசை தவறெனில் மோட்டார் முனையில் இரு கம்பிகள் மாற்றப்படுகின்றன. புறவழியில் மட்டும் தவறெனில் புறவழிக் காண்டாக்டரின் மின்வலைப் பக்கத்தில் இரு கம்பிகளை மாற்றினால் போதும். பின்னொரு நாளில் மின்வழங்கல் கேபிள் பழுதுபார்க்கப்பட்டு வரிசை மாறிவிட்டால், இயக்கியில் ஓடும்வரை அது தெரியாமலே கிடக்கும். கட்ட வரிசை ரிலே ஒன்று இதைக் காட்டிக்கொடுக்கும்.

## எடுத்துக்காட்டு: 15 கிலோவாட் பம்பு

ஒரு நீர்வழங்கல் நிலையத்தில் 15 கிலோவாட், 415 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் மோட்டார் ஒரு பம்பை ஓட்டுகிறது எனக் கொள்வோம். முழுச்சுமை மின்னோட்டம் ஏறத்தாழ 27 ஆம்பியர். இயக்கி மெல்லத் தொடங்குவதால் மின்னோட்டம் இவ்வளவை ஒட்டியே இருக்கும். நேரடித் தொடக்கத்தில் 6.5 மடங்கு எனக் கொண்டால் அது ஏறத்தாழ 175 ஆம்பியராகும். வேகமும் ஓரிரு நொடிகளில் முழுமை அடைவதால் குழாயில் நீரடி அதிர்ச்சியும் உண்டாகலாம்.

அழுத்தம் இதைவிடக் கவனிக்கத்தக்கது. வெளியேறும் வால்வுகள் மூடியிருக்கையில் முழு வேகத்தில் இப்பம்பு தரும் உயரம் 58 மீட்டர். உறிஞ்சு பக்கத்தில் தொட்டி 5 மீட்டர் உயரத்தில் உள்ளது. குழாயில் வேண்டிய அழுத்தம் 4 பார், அதாவது ஏறக்குறைய 41 மீட்டர். உயரம் வேகத்தின் வர்க்கத்திற்கேற்ப மாறும். எனவே நள்ளிரவில் நீர்ப்பயன்பாடு மிகக் குறையும்போது, பம்பு 36 மீட்டர் தந்தால் போதும்:

```
36 / 58 = 0.621
√0.621 = 0.788
0.788 × 50 = 39.4
```

இயக்கி ஏறக்குறைய 39 ஹெர்ட்ஸில் பம்பை ஓட்டி 4 பாரைக் காக்கிறது. அதே நேரத்தில் புறவழிக்கு மாற்றினால் பம்பு முழு வேகத்தில் சுழலும். அழுத்தம் 58 + 5 = 63 மீட்டராக, அதாவது 6.2 பாராக உயரும். குழாய்கள் 6 பாருக்கு மட்டுமே உரியனவாயின் இணைப்புகள் கசியவோ உடையவோ கூடும்.

அழுத்த சுவிட்சு ஒன்றை வைத்துப் பம்பை நிறுத்தி ஓட்டுவது முதலில் தோன்றும் தீர்வு. ஆனால் இயக்கியை நம்பி வடிவமைத்த நிலையங்களில் அழுத்தக் கலம் சிறியதாகவே இருக்கும். நீர்ப்பயன்பாடு குறைவாக உள்ளபோது பம்பு நிமிடத்திற்குப் பலமுறை நின்று தொடங்கும். ஒவ்வொரு தொடக்கத்திலும் 175 ஆம்பியர் பாய்ந்து மோட்டாரின் சுருள்கள் சூடேறும். இதனினும் ஏற்றது, 4 பாரைச் சற்று மிஞ்சியதும் திறந்து மிகை நீரைத் தொட்டிக்கே திருப்பும் அழுத்த நிவாரண வால்வு. இதனால் மின்சாரம் வீணாகும். எனினும் பம்பினுள் நீர் ஓடிக்கொண்டே இருப்பதால், மூடிய வால்வை எதிர்த்துச் சுழன்று சூடாகும் நிலையும் தவிர்க்கப்படுகிறது.

## அடிக்கடி நேரும் தவறு

தொட்டி வற்றும்போது பம்பை நிறுத்தும் மிதவைச் சுவிட்சு, மோட்டார்ச் சுருளின் வெப்ப உணரி, அவசர நிறுத்தப் பொத்தான் ஆகியவை பல பலகைகளில் இயக்கியின் கட்டுப்பாட்டு முனைகளில் மட்டுமே இணைக்கப்படுகின்றன. புறவழியில் ஓடும்போது அவை எதுவும் வேலை செய்வதில்லை. தொட்டி வற்றினால் பம்பு நீரின்றி ஓடி, தண்டு முத்திரை சில நிமிடங்களிலேயே கெட்டுவிடலாம். இவை அனைத்தும் புறவழிக் காண்டாக்டரின் சுருள் சுற்றிலும் தொடராக இணைக்கப்பட வேண்டும். வெப்ப உணரிக்கு இதற்கெனத் தனி ரிலே தேவைப்படும்.

இயக்கி நலமாக இருக்கையிலேயே குறித்த இடைவெளியில் பம்பைப் புறவழியில் ஓட்டி, திசை, மின்னோட்டம், அழுத்தம் ஆகியவற்றைக் குறித்துக்கொள்வதும், மிதவையைக் கையால் அசைத்து பம்பு நிற்கிறதா எனப் பார்ப்பதும் இத்தகைய குறைகளை முன்கூட்டியே வெளிப்படுத்தும்.