பில்லில் ஒரு எண், அட்டையில் ஒரு எண்

"குடுங்க சார், மாத்திக் குடுத்துடறேன்."

காலாவதியான மாத்திரை அட்டையை மருந்துக்கடையில் நீட்டினால் முதலில் வரும் பதில் இதுதான். கோபத்தோடு போனவர் பாதி சமாதானமாகி, பழைய அட்டையைக் கொடுத்துவிட்டுப் புதியதோடு வீடு திரும்புகிறார். பிறகு யோசித்துப் பார்த்து, புகார் எழுதலாம் என்று உட்காரும்போது கையில் ஒன்றும் இருக்காது. இருந்த ஒரே சாட்சி கடைக்காரரின் குப்பைக்கூடைக்குப் போய்விட்டது. அந்த அட்டையைக் கொடுக்காமல் இருப்பதுதான் புகாரின் முதல் படி. "காட்டுகிறேன், தரமாட்டேன்" என்று சொல்ல வாங்கியவருக்கு முழு உரிமை உண்டு. காசு கொடுத்து வாங்கிய பொருள் அவருடையது.

ஒரு உதாரணத்தை வைத்துக்கொண்டு முழுவதையும் பார்ப்போம். ரத்த அழுத்தத்துக்கான அம்லோடிபின் 5 மில்லிகிராம் மாத்திரை இரண்டு அட்டைகளை ஒருவர் 2025 ஆகஸ்ட் 9 அன்று வாங்குகிறார். நான்கு நாள் கழித்து இரண்டாவது அட்டையை எடுக்கும்போதுதான் கவனிக்கிறார்: காலாவதி 06/2025. கடை அதை விற்றிருக்கக் கூடாது என்பதில் சந்தேகமில்லை. ஆனால் அதே அட்டையை ஜூன் 25 அன்று வாங்கியிருந்தால் புகார் நிற்காது. மாதமும் வருடமும் மட்டும் அச்சிட்டிருந்தால், அந்த மாதத்தின் கடைசி நாள் வரை மருந்து செல்லும் என்பதே இந்திய மருந்து விதிகளின் கணக்கு. நம்மவர் வாங்கியது ஜூன் 30 முடிந்து 40 நாள் கழித்து. இந்தக் கணக்கைப் புகாரிலேயே எழுதிவிடுவது நல்லது. படிக்கும் அதிகாரி விரல் விட்டு எண்ண வேண்டியதில்லை.

இனி பில்லுக்கு வருவோம். சிக்கல் இருப்பது இங்கேதான்.

மருத்துவர் சீட்டின் பேரில் மட்டுமே விற்க வேண்டிய 'ஹெச்' அட்டவணை மருந்துகளை விற்கும்போது, தயாரித்த நிறுவனத்தின் பெயர், பேட்ச் எண், காலாவதித் தேதி மூன்றையும் கடை பதிவு செய்ய வேண்டும். அதனால்தான் கம்ப்யூட்டர் பில்லில் மருந்தின் பெயருக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் ஒரு எண் இருக்கிறது. நம் உதாரணத்தில் பில் சொல்வது 'கேடி 4386, இரண்டு அட்டை'. முதல் அட்டையில் இருப்பதும் அதே எண்தான். காலாவதியான இரண்டாவது அட்டையிலோ 'கேடி 4127'.

இது பெரும்பாலும் சூழ்ச்சியில்லை, சோம்பல். பில் போடும் மென்பொருள் தன் கணக்கில் உள்ள பேட்ச் ஒன்றை எடுத்துக்கொள்கிறது. காலாவதியானதைப் பல மென்பொருள்கள் பில் போடவே விடாது. ஆனால் அலமாரிக்குள் கை விடும் பையனுக்கு அந்தக் கட்டுப்பாடு கிடையாது. டப்பாவின் அடியில் கிடந்த பழைய அட்டையும் மேலே இருந்த புதிய அட்டையும் சேர்ந்தே வருகின்றன. விளைவு, விசாரணையின்போது கடைக்காரர் பில்லைக் காட்டி, "நாங்க வித்தது 4386. இந்த 4127 எங்க கடை சரக்கே இல்ல" என்று சொல்ல முடிகிறது. பல புகார்கள் சறுக்கும் இடம் இது.

இதை மறைக்க நினைத்து, பில்லில் உள்ள எண்ணை மட்டும் எழுதி அனுப்புபவர்கள் உண்டு. அது தவறு. இரண்டு எண்களையும் எழுதி, "பில்லில் ஒரு எண், கொடுத்த அட்டையில் வேறு எண்" என்று நாமே சொல்லிவிட வேண்டும். பில்லில் தவறான பேட்ச் எண் இருப்பதே கடையின் பதிவேடு சரியில்லை என்பதற்கு அடையாளம். அதைவிட முக்கியமாக, 4127 அந்தக் கடைக்குள் வந்ததா என்று கண்டுபிடிக்க வேறு வழி இருக்கிறது. மொத்த வியாபாரியிடம் மருந்து வாங்கிய பில்களைச் சில்லறைக் கடை வரிசை எண் இட்டு வைத்திருக்க வேண்டும். அந்தப் பில்களிலும் பேட்ச் எண் இருக்கும். மொத்த வியாபாரியின் பில்லில் 4127 அந்தக் கடையின் பெயருக்குப் போயிருந்தால், "எங்க சரக்கே இல்ல" என்ற வாதம் அங்கேயே விழுந்துவிடும். இந்தப் பில்களைக் கேட்டுப் பார்க்கும் அதிகாரம் மருந்து ஆய்வாளருக்கு உண்டு, நமக்கு இல்லை. ஆகவே புகாரில் கேட்க வேண்டிய முதல் விஷயம் "கடும் நடவடிக்கை" அன்று. "இந்தப் பேட்சின் கொள்முதல் பில்லைப் பாருங்கள்" என்பதே.

எழுதும் முன் படம் எடுத்துக்கொள்ள வேண்டும். அட்டையின் இரு பக்கமும், பில்லும், மருத்துவர் சீட்டும் தனித்தனியே. பிறகு எல்லாம் சேர்ந்து ஒரே படத்தில். ஒரு மாத்திரையைச் சாப்பிட்டிருந்தால் காலியான குழியோடு அட்டையை அப்படியே வைத்திருக்க வேண்டும், மீதியைப் பிரிக்கக் கூடாது. அட்டையை வெட்டி நாலு மாத்திரை, ஆறு மாத்திரை என்று விற்கும் நம்மூர் வழக்கத்தில் இங்கே ஒரு தொல்லை வருகிறது. பேட்ச் எண்ணும் தேதியும் பெரும்பாலும் ஒரு ஓரத்தில்தான் இருக்கும். அந்த ஓரம் கடையிலேயே தங்கிவிட்டால் நம் கையில் இருப்பது பெயரில்லாத நாலு மாத்திரை. நல்ல மருந்தாளுநர் எதிர் ஓரத்திலிருந்து வெட்டிக்கொண்டு வருவார், எண் உள்ள பகுதி கடைசியில்தான் போகும்.

பில்லே வாங்கவில்லை என்றால்? மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைக்குப் புகார் தரலாம். செல்போனில் பணம் அனுப்பியிருந்தால் கடையின் பெயரும் நேரமும் அதில் இருக்கும். ஆனால் நஷ்ட ஈடு கேட்கும்போது இந்தக் குறை பெரிதாக உறுத்தும்.

தமிழ்நாட்டில் மருந்துக்கடைகள் மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் கீழ் வருகின்றன. தலைமை இயக்குநரகம் சென்னை தேனாம்பேட்டையில் டி.எம்.எஸ். வளாகத்தில் இருக்கிறது, வெளியூர்களில் உதவி இயக்குநர் அலுவலகங்களும் அவற்றின் கீழ் மருந்து ஆய்வாளர்களும் இருக்கிறார்கள். டெல்லியில் உள்ள மத்திய அமைப்புக்கு எழுதினால் அது சுற்றிக்கொண்டு மாநிலத்துக்கே வந்து சேரும். உதவி இயக்குநருக்கு எழுதும் கடிதம் இவ்வளவு இருந்தால் போதும்:

"ஐயா, வணக்கம். பொருள்: காலாவதியான மருந்து விற்பனை. இந்தக் கடையில் (பெயர், முகவரி, பில்லில் உள்ள உரிம எண்) 9.8.2025 அன்று மாலை, இந்த எண்ணுள்ள பில்லின்படி அம்லோடிபின் 5 மி.கி. இரண்டு அட்டைகள் வாங்கினேன். ஒன்றின் பேட்ச் கேடி 4386, காலாவதியாகவில்லை. மற்றதன் பேட்ச் கேடி 4127, காலாவதி 06/2025, அதாவது 30.6.2025 உடன் முடிந்து, 40 நாள் கழித்து எனக்கு விற்கப்பட்டது. பில்லில் இரண்டுக்கும் 4386 என்றே உள்ளது. கேடி 4127 பேட்சின் கொள்முதல் பில்களையும் மீதிச் சரக்கையும் ஆய்வு செய்து, எடுத்த நடவடிக்கையை எனக்குத் தெரிவிக்க வேண்டுகிறேன். அட்டையும் பில்லும் என்னிடம் உள்ளன. அழைத்தால் நேரில் காட்டுவேன். இணைப்பு: பில், அட்டை, மருத்துவர் சீட்டு ஆகியவற்றின் நகல்கள்."

நிறுவனத்தின் பெயரையும் பேட்ச் எண்ணையும் அட்டையில் உள்ள அதே ஆங்கில எழுத்துகளில் எழுத வேண்டும். பூஜ்யத்தையும் ஆங்கில 'ஓ' எழுத்தையும் மாற்றி எழுதினாலே வேறு பேட்ச் ஆகிவிடும். திட்டு, சாபம், 'கொலைகாரர்கள்' எல்லாம் வேண்டாம். மூல அட்டையைத் தபாலில் அனுப்பவே கூடாது. ஆய்வாளர் கேட்டு வாங்கினால் அவரிடம் எழுத்தில் ரசீது பெற வேண்டும்.

கடைக்கும் இதே விவரங்களோடு ஒரு கடிதம் போக வேண்டும். மீதி அட்டைகள் வேறு யாருக்கும் போகாமல் இருக்க அது உதவும். கடை எழுத்தில் ஏதாவது பதில் தந்தால் அது பிற்பாடு பயன்படும். முதலில் கடைக்கு எழுதிவிட்டுப் பதினைந்து நாள் காத்திருப்பது நாகரிகம் என்று சிலர் நினைக்கிறார்கள். அந்தப் பதினைந்து நாளில் அலமாரி துடைத்து வைத்தது போல் ஆகிவிடும். இரண்டையும் ஒரே நாளில், ஒப்புகையுடன் தபாலில் சேர்ப்பதே சரி.

ஆய்வாளர் கடைக்குப் போனால் என்ன பார்ப்பார்? காலாவதியான சரக்கு கடைக்குள் இருப்பதே குற்றம் ஆகாது. நிறுவனத்துக்குத் திருப்பி அனுப்ப ஏற்பாடு செய்து, விற்பனைச் சரக்கிலிருந்து பிரித்து, 'விற்பனைக்கு அல்ல' என்று மேலே பளிச்சென்று எழுதிய பெட்டியில் வைத்திருந்தால் விதி அனுமதிக்கிறது. அதே அட்டை விற்பனை அலமாரியில் கிடந்தால்தான் வில்லங்கம். அவர் சரக்கைக் கைப்பற்றலாம். 20 நாள் வரை விற்கக் கூடாது என்று உத்தரவிடலாம். அதன்பின் விளக்கம் கேட்டு நோட்டீஸ், உரிமம் தற்காலிகமாக நிறுத்தம் அல்லது ரத்து. வழக்கு வரை போனால் 1940-ஆம் ஆண்டு மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருட்கள் சட்டப்படி ஓராண்டு முதல் இரண்டாண்டு வரை சிறையும், 20,000 ரூபாய்க்குக் குறையாத அபராதமும் உண்டு. நடைமுறையில் அதிகம் எதிர்பார்க்கக்கூடியது உரிம நிறுத்தம்தான். ஒரு மாதம் கழித்தும் பதில் இல்லையென்றால், 'என் புகார் மீது என்ன செய்யப்பட்டது' என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போடலாம்.

இந்தத் துறை நமக்கு ஒரு ரூபாய்கூட வாங்கித் தராது. நஷ்ட ஈட்டுக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போக வேண்டும். இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். கொடுத்த விலை ஐந்து லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணம் கிடையாது. எந்த மருந்துக்கடை பில்லும் இதற்குள் அடங்கிவிடும். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் பேசிப் பார்க்கலாம். "சாப்பிட்டதால் உடம்பு கெட்டது" என்று கேட்பவர் மருத்துவச் சான்றோடு அதை நிரூபிக்க வேண்டியிருக்கும். காலாவதியான மாத்திரை பல நேரங்களில் விஷமாவதில்லை, வீரியம்தான் குறைகிறது. ரத்த அழுத்த நோயாளிக்கு அதுவே ஆபத்து என்றாலும் காரணத்தைக் காட்டுவது கடினம். விற்றது தவறு என்பதை மட்டும் காட்டுவது எளிது, அட்டையும் பில்லும் போதும்.

தேதியே பொய்யாக இருந்தால்? 2010-இல் சென்னையில் பிடிபட்ட கும்பல் இதைத்தான் செய்தது. கொடுங்கையூர் குப்பைக்கிடங்கில் கொட்டப்பட்ட காலாவதி மருந்துகளைப் பொறுக்கி, புதுத் தேதியோடு மறுபடி கடைகளுக்கு அனுப்பியிருந்தார்கள். அப்படிப்பட்ட அட்டையில் தேதி சரியாகத்தான் தெரியும். மாட்டிவிடுவது பேட்ச் எண்தான். அந்தப் பேட்சின் உண்மையான காலாவதி எது என்பது தயாரித்த நிறுவனத்தின் பதிவில் இருக்கும். அச்சு அழிந்து எழுதியதுபோல் தெரிந்தாலோ, லேபிள்மேல் லேபிள் ஒட்டியிருந்தாலோ நிறுவனத்துக்கு எழுதிக் கேட்கலாம். 2023 ஆகஸ்ட் முதல், அதிகம் விற்கும் 300 மருந்துப் பெயர்களின் மேல் கியூ.ஆர். குறியீடு கட்டாயமாகியிருக்கிறது. செல்போனில் ஸ்கேன் செய்தால் பேட்ச் எண்ணும் காலாவதித் தேதியும் வரும். அட்டையில் அச்சிட்டதோடு அது ஒத்துப்போகாவிட்டால் அன்றே புகார் எழுதலாம்.

விசாரணையும் வழக்கும் முழுதாக முடியும் வரை அந்த அட்டையைப் பத்திரமாக வையுங்கள். எல்லாம் முடிந்து தூக்கிப்போடும் நாளில், மாத்திரைகளைப் பிரித்து நொறுக்கி, அட்டையைத் துண்டு துண்டாக வெட்டிப் போடுங்கள். கொடுங்கையூரில் அவர்கள் பொறுக்கியது முழு அட்டைகளைத்தான்.