பல் தேய்த்ததும் மாத்திரை

தைராய்டு மாத்திரையை வெறும் வயிற்றில் போட வேண்டும். போட்டபின் அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்துத்தான் காபி. முன்னதாகக் குடித்தால் மருந்து உடம்பில் சேர்வது குறையும். இது தெரிந்தவர்களும் பாதிக் காபி உள்ளே போன பிறகுதான் "அடடா, மாத்திரை!" என்பார்கள். கைபேசியில் அலாரம் வைத்தாலும், அது அடிக்கும்போது பால் பொங்கும், அணைத்துவிட்டு மறந்துபோவோம்.

இதற்குத்தான் 'ஹேபிட் ஸ்டாக்கிங்'. நாம் யோசிக்காமல் செய்கிற பழைய பழக்கம் ஒன்றின் வால் நுனியில் புதியதை முடிந்துவிடுவது. காபியோடு முடிந்தால் மருந்துக்கு ஆகாது. பல் தேய்ப்பதோடு முடியலாம்.

"காலையில் எழுந்ததும்" என்று வைத்துக்கொண்டால் போதாதா? போதாது. எழுந்ததும் பத்து வேலை நடக்கும். எது முடிந்தபின் என்பது தெளிவாக இல்லை. "பிரஷ்ஷைக் கழுவி அதன் இடத்தில் வைத்ததும் மாத்திரை" என்றால் குழப்பமே இல்லை. ஒரு வேலை முடிகிற அந்த நொடிதான் அடுத்ததை நினைவூட்டுகிறது.

2013-ல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வு ஒன்றும் இதையே காட்டியது. பல்லிடுக்கை நூலால் சுத்தம் செய்யும் பழக்கத்தைச் சிலர் பல் தேய்ப்பதற்கு முன்பும், சிலர் தேய்த்த பின்பும் செய்தார்கள். எட்டு மாதம் கழித்துப் பார்த்தபோது, பின்பு செய்தவர்களிடம்தான் அது வலுவாக நின்றிருந்தது.

மாத்திரை இருக்கும் இடமும் முக்கியம். குளியலறை ஈரம் அதற்கு ஆகாது. பிரஷ்ஷை வைத்துவிட்டு வெளியே வந்தால் கண்ணில் படும் அலமாரியில், குழந்தைகளுக்கு எட்டாத உயரத்தில், பக்கத்திலேயே ஒரு டம்ளர் தண்ணீரோடு இருக்கட்டும். தேடி எடுக்க வேண்டியிருந்தால் முடிச்சு அங்கேயே அவிழும்.

எத்தனை நாளில் படியும்? லண்டனில் நடந்த ஓர் ஆய்வில் சராசரி 66 நாள். ஆனால் ஆளுக்கு ஆள் 18 முதல் 254 நாள் வரை வித்தியாசம். நடுவில் ஒரு நாள் தவறியதால் பெரிதாக ஒன்றும் கெடவில்லை. 21 நாள் கணக்கை நான் நம்புவதில்லை.

நன்றாகப் படிந்தபின் வேறொரு சிக்கல் வரும். கை தானாகச் செய்துவிடுவதால், "போட்டேனா, இல்லையா?" என்ற சந்தேகம். சந்தேகத்தில் இரண்டாவது மாத்திரை போடுவது ஆபத்து. போட்டவுடன் தினசரி காலண்டரில் ஒரு கோடு கிழித்தால் போதும்.

முறை நன்றாக வேலை செய்கிறதே என்று கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைகளையும் அதே வேளையில் சேர்த்துவிடாதீர்கள். அவை தைராய்டு மருந்தைத் தடுக்கும். நான்கு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். அவற்றை எந்த வேளைக்கு வைக்கலாம் என்று மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.