பால் கணக்கு சரி, தண்ணீர்க் கணக்கு?

பக்கவாதம் வந்தவருக்கு விழுங்கும் தசைகள் சரியாக வேலை செய்யாவிட்டால் வாய் வழியாகக் கொடுக்கும் கஞ்சியும் தண்ணீரும் மூச்சுக்குழாய்க்குள் இறங்கி நிமோனியாவில் கொண்டுவிடும். அதனால்தான் மூக்கு வழியாக இரைப்பைக்கு ரைல்ஸ் ட்யூப் போடுகிறார்கள். அதில் எவ்வளவு பால் ஊற்றுவது என்று வீட்டார் கவனமாகக் கேட்டுக்கொள்வார்கள். தண்ணீரைப் பற்றிக் கேட்பவர்கள் குறைவு. பேச்சு போன நோயாளிக்கோ தாகம் என்று சொல்லவும் வழியில்லை.

60 கிலோ எடையுள்ள ஒருவரை வைத்துக் கணக்கைப் பார்ப்போம். வயது 65. இதயமும் சிறுநீரகமும் நன்றாக இருக்கின்றன. கிலோவுக்கு 25 கலோரி வீதம் நாளுக்கு 1500 கலோரி வேண்டும். கிலோவுக்கு 1.2 கிராம் வீதம் புரதம் 72 கிராம். தண்ணீர் கிலோவுக்கு 30 மில்லி வீதம் 1800 மில்லி.

மில்லிக்கு ஒரு கலோரி தரும் ஃபார்முலா என்றால் 1500 மில்லி கொடுக்க வேண்டும். லிட்டருக்கு 48 கிராம் புரதம் உள்ளதாகத் தேர்ந்தெடுத்தால் 72 கிராமும் வந்துவிடும். வீட்டுக் கஞ்சியைக் குழாயில் இறங்கும்படி நீர்க்கக் கரைத்து வடிகட்டும்போது கலோரியும் புரதமும் குறைந்துவிடும். வயிறு நிறைந்தாலும் உடல் இளைப்பது அதனால்தான்.

எடுத்த எடுப்பில் முழு அளவும் கொடுப்பதில்லை. மருத்துவமனையில் பம்ப் மூலம் மணிக்கு 25 மில்லியில் தொடங்கி, வாந்தியோ வயிற்று உப்புசமோ இல்லையென்றால் சில மணி நேரத்துக்கு ஒருமுறை கொஞ்சம் கூட்டி, 63 மில்லி வரை கொண்டுபோவார்கள். 24 மணி நேரத்தில் 1500 மில்லி போய்விடும். ஐந்து நாளுக்கு மேல் சாப்பிடாமல் கிடந்தவருக்கு இன்னும் மெதுவாகக் கூட்ட வேண்டும். இல்லையென்றால் ரத்தத்தில் பாஸ்பேட்டும் பொட்டாசியமும் சட்டென்று இறங்கி இதயத் துடிப்பையே குலைத்துவிடும்.

உடல் ஏற்றுக்கொண்டபின் காலை 6 மணி முதல் இரவு 9 மணி வரை மூன்று மணிக்கு ஒருமுறை, 250 மில்லி வீதம் ஆறு வேளையாக மாற்றலாம். தலைப்பக்கம் 30 முதல் 45 டிகிரி உயர்ந்திருக்க வேண்டும். சிரிஞ்சை அழுத்தித் தள்ளாமல் பால் தானாக இறங்க விட வேண்டும்.

இனி தண்ணீர். இந்த ஃபார்முலாவில் ஏறக்குறைய 85 சதவீதம் தண்ணீர்தான். 1500 மில்லியில் 1275 மில்லி கிடைத்துவிடும். மீதி 525 மில்லியைத் தனியாகக் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு வேளையும் பாலுக்கு முன் 30 மில்லி, பின் 60 மில்லி ஊற்றினால் ஆறு வேளைக்கு 540 மில்லி ஆகிறது. குழாயும் அடைக்காது, தண்ணீர்த் தேவையும் தீரும். மருந்து கொடுக்கும்போது ஊற்றும் தண்ணீரையும் இந்தக் கணக்கிலேயே சேர்த்துக்கொள்ள வேண்டும்.

சிக்கல் பெரும்பாலும் ஃபார்முலாவை மாற்றும்போது வருகிறது. பால் எதுக்களிக்கிறது என்று அளவைக் குறைக்க, மில்லிக்கு ஒன்றரைக் கலோரி தரும் கெட்டியான ஃபார்முலாவுக்கு மாற்றுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். 1000 மில்லி போதும், நாலே வேளை. கலோரி அதே 1500. ஆனால் அதில் தண்ணீர் 760 மில்லிதான். வேளை குறைந்ததால் முன்னும் பின்னும் ஊற்றும் தண்ணீரும் 360 மில்லியாகிவிட்டது. மொத்தம் 1120. நாளுக்கு 680 மில்லி பற்றாக்குறை!

இது உடனே வெளியே தெரியாது. சிறுநீர் குறைந்து அடர் மஞ்சளாகும், நாக்கு வறளும், நோயாளி தூங்கிக்கொண்டே இருப்பார். மறுபடி பக்கவாதமோ என்று வீட்டார் பதறுவார்கள். ரத்தப் பரிசோதனையில் சோடியம் 145-ஐத் தாண்டி நிற்கும், யூரியாவும் ஏறியிருக்கும். இரண்டு வேளைகளுக்கு நடுவே 170 மில்லி வீதம் நாலு தடவை தண்ணீர் கொடுத்திருந்தால் இந்தப் பற்றாக்குறையே வந்திருக்காது. ஆனால் சோடியம் ஏற்கெனவே ஏறிவிட்டால் வீட்டிலேயே குடம் குடமாக ஊற்றிச் சரிசெய்யக் கூடாது. அது சட்டென்று இறங்கினால் மூளை வீங்கும். மருத்துவர்தான் மெதுவாக இறக்க வேண்டும். இதயம் அல்லது சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கு 1800 மில்லியே அதிகமாகிவிடலாம். அவர்களுக்கு மருத்துவர் சொல்லும் அளவுதான் அளவு.

குழாயோடு வீட்டுக்கு அனுப்பும் நாளில் டயட்டீஷியனிடம் நாலு விஷயங்களை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்: ஃபார்முலா மில்லிக்கு எத்தனை கலோரி, வேளைக்கு எத்தனை மில்லி, முன்னும் பின்னும் எவ்வளவு தண்ணீர், நடுவில் தனியாக எவ்வளவு. ஃபார்முலா மாறினால் நாலையும் புதிதாக எழுதித் தரச் சொல்லுங்கள்.