7,000 ஹெர்ட்ஸ் ஒலி 1,000 ஹெர்ட்ஸாக மாறுவது எப்படி?

டிஜிட்டல் தொலைபேசி அமைப்பில் பேசுபவரின் குரல் நொடிக்கு 8,000 முறை அளக்கப்படுகிறது. ஓர் அளவீட்டுக்கும் அடுத்ததற்கும் இடையே 125 மைக்ரோ நொடி. ஒவ்வொரு முறையும் அந்தக் கணத்தில் மின்னழுத்தம் எவ்வளவு என்பது ஓர் எண்ணாகப் பதிவாகிறது. இந்த எண்களைச் சாம்பிள்கள் என்பார்கள். இரண்டு சாம்பிள்களுக்கு நடுவே அலை எப்படி ஏறி இறங்கியது என்பது எங்கும் பதிவாவதில்லை.

இந்த அமைப்புக்குள் 7,000 ஹெர்ட்ஸ் சைன் அலை ஒன்று தடையின்றி நுழைந்தால் மறுமுனையில் 1,000 ஹெர்ட்ஸ் ஒலிதான் கேட்கும். அது மங்கலாகவோ இரைச்சலாகவோ வராது. உண்மையிலேயே யாரோ 1,000 ஹெர்ட்ஸில் சீட்டியடித்தது போல, வலிமை குறையாமல், சுத்தமாக ஒலிக்கும். இப்படி எழும் பொய்யான அதிர்வெண்ணுக்கு ஏலியாஸ் என்று பெயர். கருவியின் பழுதால் வருவதல்ல இது. அளவீடுகள் ஒவ்வொன்றும் துல்லியமாக இருந்தாலும் ஏலியாஸ் வந்தே தீரும். இரண்டு அலைகளின் எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் காரணம் புலப்படும்.

எண்களில் இரண்டு அலைகள்

சைன் அலையின் ஒரு முழுச் சுற்றை 360 பாகை என்று கொள்வது வழக்கம். 1,000 ஹெர்ட்ஸ் அலை ஒரு சுற்றை முடிக்க 1,000 மைக்ரோ நொடி ஆகும். எனவே 125 மைக்ரோ நொடிக்குள் அது எட்டில் ஒரு பங்குச் சுற்று, அதாவது 45 பாகை நகர்கிறது. 7,000 ஹெர்ட்ஸ் அலை ஏழு மடங்கு வேகமானது. அதே இடைவெளியில் அது எட்டில் ஏழு பங்குச் சுற்று, அதாவது 315 பாகை நகர்கிறது. இரண்டும் உச்சத்திலிருந்து, 1 என்ற மதிப்பில் தொடங்குவதாக வைத்துக்கொண்டால் முதல் ஐந்து சாம்பிள்கள் இப்படி அமையும். 360-ஐத் தாண்டும் கோணங்களில் முழுச் சுற்றுகள் கழிக்கப்பட்டுள்ளன.

| சாம்பிள் | 1,000 ஹெர்ட்ஸ்: கோணம் | மதிப்பு | 7,000 ஹெர்ட்ஸ்: கோணம் | மதிப்பு |
|---|---|---|---|---|
| 0 | 0 | 1 | 0 | 1 |
| 1 | 45 | 0.707 | 315 | 0.707 |
| 2 | 90 | 0 | 270 | 0 |
| 3 | 135 | −0.707 | 225 | −0.707 |
| 4 | 180 | −1 | 180 | −1 |

கோணங்கள் வேறு, மதிப்புகள் ஒன்றே. அடுத்து வரும் சாம்பிள்களிலும் இதே பொருத்தம் தொடரும். எட்டாவது சாம்பிளில் இரண்டு அலைகளும் மறுபடி உச்சத்துக்கு வந்து அதே வரிசையைத் திரும்பத் தொடங்கும். மறுமுனையில் இருக்கும் கருவிக்குக் கிடைப்பது இந்த எண்கள் மட்டுமே. இவை எந்த அலையிலிருந்து வந்தவை என்று சொல்ல அதனிடம் வழியே இல்லை.

வேறுபாடு இருப்பது சாம்பிள்களுக்கு நடுவில். முதல் இரண்டு சாம்பிள்களுக்குச் சரிபாதியில், 62.5 மைக்ரோ நொடியில், 1,000 ஹெர்ட்ஸ் அலை 22.5 பாகையில் இருக்கும், மதிப்பு 0.924. 7,000 ஹெர்ட்ஸ் அலை 157.5 பாகையில் இருக்கும், மதிப்பு −0.924. ஒன்று உச்சத்துக்கு அருகிலும் மற்றொன்று பள்ளத்துக்கு அருகிலும் இருக்கின்றன. அந்தக் கணத்திலும் அளந்திருந்தால், அதாவது நொடிக்கு 16,000 சாம்பிள் எடுத்திருந்தால், இரண்டையும் குழப்பிக்கொள்ள வாய்ப்பே இருந்திருக்காது.

இரு மடங்கு என்ற எல்லை

சைன் அலையை வட்டத்தில் சீராகச் சுற்றும் ஒரு புள்ளியின் உயரமாக நினைக்கலாம். சினிமாவில் முன்னோக்கி ஓடும் வண்டியின் சக்கரம் சில நேரம் பின்னோக்கிச் சுழல்வதாகத் தெரியும் அல்லவா, அங்கே நடப்பதுதான் இங்கேயும் நடக்கிறது. ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே சக்கரம் 315 பாகை முன்னேறினாலும் 45 பாகை பின்வாங்கினாலும் அது போய் நிற்கும் இடம் ஒன்றே. பார்ப்பவர் கண் குறைந்த தூரத்தையே எடுத்துக்கொள்கிறது. 7,000 ஹெர்ட்ஸ் அலையும் இப்படியே, 1,000 ஹெர்ட்ஸ் வேகத்தில் பின்னோக்கிச் சுற்றும் அலையாகப் பதிவாகிறது.

பின்னோக்கிச் சுற்றுவதன் அடையாளமும் எண்களில் உண்டு. அலை உச்சத்தில் அல்லாமல் பூஜ்ஜியத்தில் தொடங்கி மேலேறுவதாக இருந்தால், 1,000 ஹெர்ட்ஸ் அலையின் அடுத்த சாம்பிள் 0.707, 7,000 ஹெர்ட்ஸ் அலையினுடையது −0.707. ஏலியாஸ் தலைகீழாகப் பிறக்கிறது. ஆனால் ஒற்றை ஒலியைக் கேட்கும் காதுக்குத் தலைகீழ் அலையும் நேர் அலையும் ஒன்றுபோலவே இருக்கும்.

எல்லை எங்கே என்பது இதிலிருந்து வெளிப்படுகிறது. ஒரு சாம்பிள் இடைவெளியில் அலை 180 பாகைக்குக் குறைவாக நகர்ந்தால், முன்னோக்கிய பாதையே குறைந்த பாதை, குழப்பமில்லை. 180-ஐத் தாண்டினால் பின்னோக்கிய பாதை குறுகியதாகிவிடும். 180 பாகை என்பது அரைச் சுற்று. ஆக, ஒவ்வொரு சுற்றுக்கும் இரண்டுக்கு மேற்பட்ட சாம்பிள்கள் வேண்டும். சாம்பிள் வேகம் அதிர்வெண்ணைப் போல இரு மடங்குக்கு மேல் இருக்க வேண்டும் என்ற விதியின் பொருள் இவ்வளவே. 8,000 சாம்பிளுக்கு எல்லை 4,000 ஹெர்ட்ஸ். அமெரிக்கப் பொறியாளர் ஹாரி நைக்விஸ்ட் தந்தி அனுப்புவது பற்றி 1928-இல் எழுதிய ஆய்வின் நினைவாக இந்த எல்லை அவர் பெயரால் வழங்குகிறது. இதற்குக் கணித வடிவம் தந்தவர்களில் சோவியத் அறிவியலாளர் கோடெல்னிகோவும் (1933) அமெரிக்கரான கிளாட் ஷானனும் (1949) முக்கியமானவர்கள்.

சரியாக இரு மடங்கு போதாது. 4,000 ஹெர்ட்ஸ் அலை உச்சத்தில் தொடங்கினால் சாம்பிள்கள் 1, −1, 1, −1 என்று வரும். பூஜ்ஜியத்தில் தொடங்கினால் எல்லாச் சாம்பிளும் பூஜ்ஜியமாகிவிடும். உச்சத்திலிருந்து 60 பாகை தள்ளித் தொடங்கினால் 0.5, −0.5 என்று பாதி வலிமையே தெரியும். ஒரே அலைக்கு மூன்று விதமான விடைகள் வருவதால் எல்லைக் கோட்டின் மேல் நிற்கும் அதிர்வெண்ணை நம்ப முடியாது.

எந்த அதிர்வெண் எங்கே போய் விழும்?

ஏலியாஸைக் கணக்கிடுவது எளிது. சாம்பிள் வேகத்தின் மடங்குகளில் (0, 8,000, 16,000 என) அலையின் அதிர்வெண்ணுக்கு மிக அருகில் இருப்பது எது என்று பார்க்க வேண்டும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசமே ஏலியாஸ். 5,000-க்கு அருகில் இருப்பது 8,000. வித்தியாசம் 3,000 ஹெர்ட்ஸ். 9,000-க்கும் அருகில் இருப்பது 8,000தான், விடை 1,000. 12,500-க்கு அருகில் 16,000, விடை 3,500. 8,000 ஹெர்ட்ஸ் அலை ஒவ்வொரு இடைவெளியிலும் ஒரு முழுச் சுற்றை முடித்து அதே இடத்துக்கு வந்துவிடுவதால் எல்லாச் சாம்பிளும் ஒரே எண்ணாக அமையும். அலையே இல்லாத நிலையான மின்னழுத்தம் போலத் தோன்றும். எவ்வளவு உயர்ந்த அதிர்வெண்ணாக இருந்தாலும் கடைசியில் 0-க்கும் 4,000-க்கும் நடுவே எங்காவது வந்து விழுந்தாக வேண்டும்.

இசையில் இதன் விளைவு காதில் உறைக்கும். 1,500 ஹெர்ட்ஸ் சுரம் ஒன்றின் கூடவே அதன் மடங்குகளான 3,000, 4,500, 6,000, 7,500 ஆகியவையும் ஒலிப்பதாகக் கொள்ளலாம். 3,000 வரை சிக்கலில்லை. 4,500 என்பது 3,500 ஆகவும், 6,000 என்பது 2,000 ஆகவும், 7,500 என்பது 500 ஆகவும் விழுகின்றன. சுரத்துக்கு அடியில், அதைவிடத் தாழ்ந்த 500 ஹெர்ட்ஸ் ஒலி எங்கிருந்தோ முளைத்துவிடுகிறது.

ஏலியாஸை இனங்காணும் வழியும் இதிலேயே அடங்கியிருக்கிறது. சுரத்தை 1,520 ஹெர்ட்ஸுக்கு உயர்த்தினால் உண்மையான ஒலிகள் 1,520, 3,040 என மேலேறும். பொய்யானவையோ 3,440, 1,920, 400 எனக் கீழிறங்கும். சுருதியை ஏற்ற ஏற்ற இறங்கிப் போகும் ஒலி கேட்டால் அது ஏலியாஸாக இருக்கவே வாய்ப்பு அதிகம். எல்லைக்கு வெகு மேலே உள்ளவற்றில் சில ஏறவும் செய்யும்: 9,000 ஹெர்ட்ஸ் 9,100 ஆனால் அதன் ஏலியாஸ் 1,000-லிருந்து 1,100 ஆகும். எனவே சாம்பிள் வேகத்தை மாற்றிப் பார்ப்பது இன்னும் நம்பகமான சோதனை. 10,000 சாம்பிள் எடுத்தால் உண்மையான 1,000 ஹெர்ட்ஸ் அங்கேயே நிற்கும். 7,000-இன் ஏலியாஸ் 3,000-க்கு இடம் மாறிவிடும்.

முன்பே வடிகட்டுதல்

சாம்பிள் எடுத்த பிறகு ஏலியாஸைப் பிரித்தெடுக்க முடியாது. 1 வலிமையுள்ள 1,000 ஹெர்ட்ஸ் அலையோடு 0.5 வலிமையுள்ள 7,000 ஹெர்ட்ஸ் அலையும் சேர்ந்து உச்சத்தில் தொடங்கினால், சாம்பிள்கள் 1.5 வலிமையுள்ள ஒரே 1,000 ஹெர்ட்ஸ் அலையாகப் பதிவாகும். அந்த 1.5-இல் எவ்வளவு உண்மை, எவ்வளவு பொய் என்பதற்கு எண்களில் எந்தத் தடயமும் இராது.

அதனால் எல்லைக்கு மேலுள்ளவற்றை அளவீட்டுக்கு முன்பே ஒரு வடிகட்டி நீக்கிவிட வேண்டும். 'ஸ', 'ஷ' போன்ற ஒலிகளில் 4,000 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட அதிர்வுகள் நிறைய உண்டு. வடிகட்டி இல்லையென்றால் அவை பேச்சின் நடுப்பகுதியிலேயே வந்து விழும். ஆனால் எந்த வடிகட்டியும் ஓர் அதிர்வெண்ணை முழுதாக விட்டு அதற்கு அடுத்ததை முழுதாக நிறுத்திவிடாது. தணிவதற்குக் கொஞ்சம் இடம் தேவை. தொலைபேசியில் பேச்சுக்கு வைத்த மேல் எல்லை 3,400 ஹெர்ட்ஸ். அதற்கு இரு மடங்கு 6,800தான் என்றாலும் 8,000 சாம்பிள் எடுப்பது இந்த இடத்துக்காகவே. 3,400-இல் ஏலியாஸாக விழக்கூடியது 4,600 ஹெர்ட்ஸ். ஆகவே தணிந்து முடிக்க வடிகட்டிக்கு 1,200 ஹெர்ட்ஸ் கிடைக்கிறது. இசைக் குறுந்தகட்டிலும் இதே ஏற்பாடு உண்டு. காது கேட்கும் மேல் எல்லை ஏறத்தாழ 20,000 ஹெர்ட்ஸ்; சாம்பிள் வேகம் 44,100. 20,000-இல் விழக்கூடியது 24,100 ஹெர்ட்ஸ் என்பதால் வடிகட்டிக்கு 4,100 ஹெர்ட்ஸ் இடம்.

ஏற்கெனவே எண்களாகிவிட்ட ஒலியிலும் இந்த ஆபத்து உண்டு. நொடிக்கு 48,000 சாம்பிள் உள்ள பதிவின் அளவைக் குறைக்க ஒன்றுவிட்டு ஒன்றை நீக்கினால் 24,000 மிஞ்சும். எல்லை 12,000-க்கு இறங்கிவிடும். அதுவரை சரியாக இருந்த 15,000 ஹெர்ட்ஸ் ஒலி 9,000 ஹெர்ட்ஸாக மாறிவிடும். ஆகவே இங்கும் வரிசை அதுவே: முதலில் 12,000-க்கு மேலுள்ளவற்றைக் கணக்கீட்டால் வடிகட்ட வேண்டும், அதன் பிறகே சாம்பிள்களை நீக்க வேண்டும்.