செல்லுமா, செல்லாதா?

ஸ்கிராபிள் பலகையில் 'ஷீப்' என்ற சொல் கிடக்கிறது. எதிராளி அதன் வாலில் ஓர் 'எஸ்' ஒட்டி, அதே எழுத்திலிருந்து கீழ்நோக்கி 'சிட்' என்று அமைக்கிறார். 'சிட்' நல்ல சொல்தான். ஆனால் ஆடு எத்தனை இருந்தாலும் ஆங்கிலத்தில் அது 'ஷீப்'தான். 'ஷீப்ஸ்' சொற்பட்டியலில் இல்லை. நீங்கள் ஆட்சேபித்தால் அந்த ஆட்டம் முழுவதும் செல்லாது. கட்டைகளை எடுத்துக்கொண்டு, சுழியத்துடன் அவர் தன் முறையை இழப்பார்.

அப்படியானால் மானுக்கும் இதே கதிதானே என்று தோன்றும். இல்லை. 'டியர்ஸ்' பட்டியலில் இருக்கிறது, செல்லும்! ஆகவே இலக்கணத்தை வைத்து ஊகிப்பது ஆபத்து. போட்டிகளில் தீர்ப்பு சொல்வது பட்டியல் மட்டுமே. வட அமெரிக்காவில் ஒரு பட்டியல், பிற நாடுகள் பலவற்றில் காலின்ஸ் பட்டியல். வட அமெரிக்கப் போட்டிகளில் தவறாக ஆட்சேபித்தால் உங்கள் முறை போய்விடும். வேறு சில இடங்களில் சில புள்ளிகள் மட்டும் போகும்.

சுருக்கங்களுக்கு ஓர் அடையாளம் உண்டு. பெரிய எழுத்திலேயே எழுதப்படும் 'டிவி' செல்லாது. சொல்லாகவே புழங்கும் 'ஆட்' செல்லும், 'ஆட்ஸ்' உட்பட. 'ஓகே' நெடுநாள் வெளியே நின்று, 2018இல் அமெரிக்க அகராதிக்குள் வந்தது.

எழுத்து வேறுபாட்டுக்குத்தான் வீடுகளில் வீண்சண்டை. 'கலர்' என்பதை 'யு' சேர்த்து எழுதினாலும் விட்டாலும் இரு பட்டியல்களும் ஏற்கின்றன. வீட்டில் ஆடுவோர் முதல் கட்டையை வைக்கும் முன்பே எந்த அகராதி என்று பேசி முடிவுசெய்துகொள்ள வேண்டும்.