இணைப்புக்கு முன்னால் எட்டு வரி

"மாமா, இதை அனுப்பிடலாமா?" என்று அக்கா மகள் கைப்பேசியை என்னிடம் நீட்டினாள். பி.காம். முடித்து ஒரு வருடம் ஆகிறது. ஒரு தனியார் வங்கி கும்பகோணம் கிளைக்கு எழுத்தர் தேவை என்று விளம்பரம் கொடுத்து, மின்னஞ்சலில் விண்ணப்பிக்கச் சொல்லியிருந்தது.

மின்னஞ்சல் எடுபடுவது இப்படிக் கேட்கிற இடத்தில் மட்டும்தான். பொதுத்துறை வங்கிகளின் எழுத்தர் பணிக்கு ஐ.பி.பி.எஸ். நடத்தும் பொதுத்தேர்வை எழுத வேண்டும். ஸ்டேட் வங்கி தனியாகத் தேர்வு வைக்கிறது. இரண்டுக்கும் அவரவர் இணையதளத்தில்தான் விண்ணப்பிக்க முடியும். கிளை மேலாளருக்கு ரெஸ்யூம் அனுப்பிப் பயனில்லை.

அவள் எழுதியதைப் படித்தேன். தலைப்பில் 'ரெஸ்யூம்' என்ற ஒரே சொல். உள்ளே இருபது வரி. சின்ன வயதிலிருந்தே வங்கி வேலை கனவு என்று தொடங்கி, கடின உழைப்பு, நேர்மை, குழுவாக வேலை செய்யும் திறன் என்று போனது. எந்த ஊர்க் கிளை, என்ன படிப்பு, எப்போது சேர முடியும் என்று எங்கும் இல்லை. இவற்றைத் தெரிந்துகொள்ள இணைப்பைத் திறக்க வேண்டும். திறக்கலாமா வேண்டாமா என்று முடிவு செய்வதற்குத்தான் அந்த அதிகாரி மின்னஞ்சலைப் படிக்கிறார். விளம்பரத்தில் போட்ட தகுதிகளோடு அதை ஒப்பிட்டுப் பார்ப்பார். கனவு அந்தப் பட்டியலில் இல்லை.

"படிச்சு முடிச்சு இந்த ஒரு வருஷம் என்ன செஞ்சே?" என்று கேட்டேன்.

"சித்தப்பாவோட ஹார்டுவேர் கடையில இருந்தேன். ராத்திரி கல்லாப் பணத்தை எண்ணி பில்லோட சரிபார்ப்பேன். மறுநாள் காலையில பேங்க்ல கட்டுவேன். அதெல்லாம் எழுதணுமா மாமா?"

அதைத்தான் எழுத வேண்டும். நான் பல ஆண்டு கேஷ் கவுண்டரில் உட்கார்ந்தவன். மாலையில் கையிருப்பும் கணக்கும் ஒத்துப்போகாமல் எழுந்து வீட்டுக்குப் போக முடியாது. அந்தப் பழக்கம் ஏற்கெனவே உள்ளவள் என்று ஒரு வரி சொன்னால், 'நேர்மையானவள்' என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

இருவரும் உட்கார்ந்து மாற்றி எழுதினோம். அவள் அனுப்பியது ஆங்கிலத்தில். தமிழில் சொன்னால் இப்படி:

தலைப்பு: எழுத்தர் பணி, கும்பகோணம் கிளை – விண்ணப்பம் – (அவள் பெயர்), பி.காம்.

*ஐயா / அம்மையீர்,*

*இம்மாதம் 4ஆம் தேதி நாளிதழில் வந்த விளம்பரத்தின்படி, கும்பகோணம் கிளை எழுத்தர் பணிக்கு விண்ணப்பிக்கிறேன்.*

*பி.காம். பட்டப்படிப்பில் 72 விழுக்காடு பெற்றுள்ளேன். கடந்த பத்து மாதங்களாக ஒரு ஹார்டுவேர் கடையில் தினமும் சுமார் 60 பில்களை டேலியில் பதிவு செய்து, இரவில் ரொக்கத்தைச் சரிபார்த்து, மறுநாள் வங்கியில் செலுத்தி வருகிறேன்.*

*தமிழும் ஆங்கிலமும் பேசவும் எழுதவும் தெரியும். தேர்வானால் 15 நாட்களில் பணியில் சேர முடியும். ரெஸ்யூம் இணைத்துள்ளேன்.*

கீழே முழுப்பெயர், கைப்பேசி எண். அவ்வளவுதான். எந்த வேலை, தகுதி உண்டா, இந்த வேலைக்குப் பொருந்தும் அனுபவம் என்ன, எப்போது வரமுடியும் என்ற நான்கு கேள்விக்கும் இணைப்பைத் திறக்காமலே பதில் கிடைத்துவிடுகிறது.

அடுத்தது இணைப்பு. கோப்பின் பெயர் `resume new final2.docx` என்றிருந்தது. அதிகாரி அதைத் தன் கணினியில் சேமித்தால் நாளைக்கு யாருடையது என்று தெரியாது. சொந்தப் பெயரும் பணியின் பெயரும் வரும்படி மாற்றினோம். மின்னஞ்சலில் 'பத்து மாதம்', ரெஸ்யூமில் 'ஓராண்டு' என்று இருந்ததையும் ஒன்றாக்கினோம். இரண்டும் வேறுவேறாக இருந்தால், கணக்கு பார்க்கிற வேலைக்கு வருகிறவரே தன் கணக்கில் தவறுகிறார் என்றாகிவிடும். ஆதார், பான் நகல்களையும் சேர்த்து வைத்திருந்தாள். விளம்பரம் கேட்காதபோது அவற்றை முன்பின் தெரியாத முகவரிக்கு அனுப்பக் கூடாது, எடுத்துவிட்டோம். பதிலில் யாராவது பதிவுக் கட்டணம் என்று பணம் கேட்டால், அது மோசடி என்று வைத்துக்கொண்டு வங்கியின் தலைமை அலுவலகத்தில் விசாரிக்கச் சொன்னேன்.

கோப்பை மறந்து வெறும் மின்னஞ்சல் அனுப்புவதுதான் அடிக்கடி நேரும் தவறு. அதற்கு வழி, வரிசையை மாற்றுவது. முதலில் கோப்பை இணைத்து, பிறகு எழுதி, பெறுநர் முகவரியைக் கடைசியில் போட வேண்டும். முகவரி இல்லாமல் கை தவறினாலும் போகாது.

"முதல்ல எனக்கு அனுப்பு" என்றேன். என் கைப்பேசியில் திறந்தால், வேர்டு கோப்பில் மதிப்பெண் அட்டவணை கலைந்து, 72 என்ற எண் அடுத்த பக்கத்தில் தனியாகக் கிடந்தது. பி.டி.எஃப். ஆக மாற்றி மறுபடி அனுப்பினாள். அட்டவணை அப்படியே இருந்தது. அதன் பிறகுதான் வங்கியின் முகவரியை ஒவ்வோர் எழுத்தாக விளம்பரத்தோடு ஒப்பிட்டுத் தட்டினாள்.