மை எது, காகிதம் எது?

பழைய பத்திரம் ஒன்றை ஸ்கேன் செய்தால் கணினிக்குக் கிடைப்பவை எழுத்துகள் அல்ல, வெறும் எண்கள். 0 என்றால் கருமை, 255 என்றால் தூய வெண்மை. எந்த எண் வரை மை, எதற்கு மேல் காகிதம்? ஜப்பானிய ஆய்வாளர் நொபுயுகி ஓட்சு 1979-இல் வெளியிட்ட முறை, அந்த எல்லையைத் தானே கண்டுபிடிக்கிறது.

எந்த எண்ணில் எத்தனை புள்ளிகள் என்று வரைபடம் போட்டால் இரண்டு மேடுகள் எழும்; ஒன்று மை, மற்றது காகிதம். ஓட்சு முறை எல்லா எல்லைகளையும் ஒவ்வொன்றாகச் சோதிக்கிறது. இரு பிரிவுகளின் பங்குகளைப் பெருக்கி, அதை அவற்றின் சராசரிகளுக்கு இடையிலான வித்தியாசத்தின் வர்க்கத்தால் பெருக்குகிறது. மிகப் பெரிய விடை தரும் எல்லையே வெல்லும்.

மை 20 சதவீதம், சராசரி 60. காகிதம் 80 சதவீதம், சராசரி 200 என்று வைத்துக்கொள்வோம். நடுப்பள்ளத்தில் வெட்டினால் 0.2 × 0.8 × 140² = 3136. எல்லை நகர்ந்து, காகிதத்தில் மங்கலான பாதி மையோடு சேர்ந்துவிட்டால்? அந்தப் பாதியின் சராசரி 190, மறுபாதியின் சராசரி 210 என்றால், விடை 963 அளவுக்குச் சரிந்துவிடும்.

பக்கத்தில் நாலைந்து எழுத்துகளே இருந்தால் மையின் மேடு அமுங்கி, எல்லை காகித மேட்டுக்குள் வழுக்கிவிடும். ஓரத்தில் நிழல் விழுந்தாலும் தொல்லைதான். ஒரே எண் முழுப் பக்கத்தையும் ஆள்வதால் நிழலும் மையாகிவிடுகிறது. வெற்றுக் காகிதத்தில் கரும் திட்டுகள் தெரிந்தால், பக்கத்தைத் துண்டுகளாக்கித் தனித்தனி எல்லை கணக்கிட வேண்டும்.